முள் இறங்கிய இடம்

ஃப்ரிட்ஜ் கதவில் புழு விழுந்துவிட்டது என்ற செய்தி சோதனைக்கூடத்துக்கு வந்தபோது, லேப் அம்மா தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழக்கம்போல நெற்றியில் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் லேப் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தாறு. இரும்புத் தகட்டை இழுத்துப் பார்த்து, எத்தனை கிலோவில் இளகுகிறது, எத்தனை கிலோவில் அறுகிறது என்று சொல்வது வேலை. இருபத்தெட்டு வருடமாக அவள் இழுக்காத தகடு ஒன்றுகூட அந்த வாசலுக்குள் நுழைந்ததில்லை.

செய்தி கொண்டுவந்தவர் அச்சுப்பட்டறைப் பொறுப்பாளர். தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கதவாக்குகிற பெரிய பிரஸ்கள் நாலும் அவர் கையில். அவர் லேப் அம்மாவின் ஒரே மகளுடைய கணவர். இந்த உறவை ஆலைக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலாளி முதல் கேன்டீன் பூனை வரை எல்லோருக்கும் தெரியும்.

"மேடம்," என்றார் மாப்பிள்ளை, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. "இத கொஞ்சம் பாருங்க."

மேசைமேல் கதவொன்றைச் சாய்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியதும் தெரிந்தது. கதவின் தட்டையான நடுப்பகுதியில் கோணல்மாணலாக, மழைக்குப் பின் மண்ணில் புழு ஊர்ந்த தடம்போல, மெல்லிய பள்ளங்கள். ஓரத்தில் நன்றாக இழுபட்டு வளைந்த மூலைகளில் மட்டும் ஒன்றுமில்லை.

"பெயின்ட் அடிச்சா மறையாதா?"

"அடிச்சா இன்னும் நல்லா தெரியுது. பளபளப்பு வந்ததும் புழுவெல்லாம் தலையத் தூக்கிப் பாக்குது."

"எத்தனை கதவு?"

"நானூத்தி இருபது."

லேப் அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மூக்குக்கு இறக்கினாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவருக்கு ஆறு மாதத் தற்காலிகப் பொறுப்பு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைய கூட்டத்தில் நிரந்தரம் ஆக்குவார்கள், அல்லது பழையபடி கிடங்கில் ரசீது எண்ண அனுப்புவார்கள். அவருக்குப் பிரஸ்தான் உயிர். ஒவ்வொரு அச்சையும் தொட்டுத்தான் காலையில் வேலையைத் தொடங்குவார். கல்யாணத்துக்கு முன் மாமியாரிடம் முதல்முறையாகப் பேசியபோதும் இரண்டு மணி நேரம் மசகெண்ணெயைப் பற்றியே பேசினார். மகள் தேர்ந்தெடுத்த ஆள் சரியான ஆள்தான் என்று லேப் அம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"ஆலோசகர் பாத்துட்டாரா?"

"பாத்துட்டார். பாத்த கையோட தீர்ப்பும் சொல்லிட்டார்."

ஆலோசகர் என்பவர் வாரத்தில் இரண்டு நாள் கார் எடுத்துக்கொண்டு வருகிற நபர். பச்சை ஒளி அடிக்கும் சுட்டுக்கோல் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதனால் பட்டறையில் அவர் பெயர் பச்சைப் புள்ளி. எந்தப் பொருள்மீதும் அந்தப் புள்ளியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்று பொருள். அன்று புள்ளி அச்சின் மேல் சுற்றியது.

"அச்சு தேஞ்சிருக்காம். எண்ணெய் சரியா போடலையாம். ஏன்னா தகடு நல்ல தகடு, அதுக்கு அத்தாட்சி இருக்கு, அப்ப மிச்சம் இருக்கறது அச்சும் நானும்தான்னு கணக்கு போட்டுட்டார்."

"என்ன அத்தாட்சி?"

மாப்பிள்ளை தயங்கினார். "நீங்க குடுத்ததுதான், அத்தை."

பதற்றத்தில் 'அத்தை' என்று வாய் தவறியதை இருவருமே கவனிக்கவில்லை.

அவள் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள். ஆறு வாரம் முன்பு, தகட்டுக் கட்டுகள் வந்த அன்று, அவள் கையாலேயே இழுத்துப் போட்ட வரைபடம். கோடு மேலே ஏறி, அழகாக வளைந்து, குதிப்போ தடுமாற்றமோ இல்லாமல் போயிருந்தது. கீழே அவள் கையெழுத்து: 'இளகுபுள்ளி இல்லை. அச்சுக்கு உகந்தது.'

ஒரு கட்டுக்கு ஒரு சோதனை, ஒரு சோதனைக்கு ஒரு சான்றிதழ். அந்த ஆலையின் நடைமுறை அது. வந்த அன்று நல்லதென்று எழுதிவிட்டால் பிறகு அந்தத் தகட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. மனிதருக்கு எழுதித் தருகிற நன்னடத்தைச் சான்றிதழ்கூட இவ்வளவு காலம் செல்லுபடியாகாது.

"இந்தப் புழு எனக்குத் தெரிஞ்ச புழுதான்," என்றாள் மெதுவாக. "இளகுபுள்ளி இருக்கற தகட்டுலதான் வரும். ஆனா இதுல இல்லன்னு நானே எழுதியிருக்கேன்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணு நான் பொய் சொல்லியிருக்கணும், இல்ல தகடு சொல்லியிருக்கணும்."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மகள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தொழிற்சாலை பேசக்கூடாது என்று அவள் போட்ட சட்டம், கல்யாணமான மூன்றாம் நாளே செத்துப்போயிருந்தது.

"உங்கம்மா சான்றிதழே என் கழுத்துல கயிறா விழுந்திருச்சு," என்றார் மாப்பிள்ளை.

"எங்கம்மா கழுத்துலதான் முதல்ல விழணும். கையெழுத்து அவங்களது," என்றாள் மகள். "ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா தட்டுல இருக்கறது உள்ள எறங்குமா? முதல்ல அந்த இளகுபுள்ளின்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

லேப் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"இரும்புக்குள்ள அணுவெல்லாம் வரிசை வரிசையா நிக்குது. அந்த வரிசையில அங்கங்க ஒரு பிசகு இருக்கும், தப்பா தைச்ச மடிப்பு மாதிரி. தகடு வளையுது, நீளுதுன்னா, அந்தப் பிசகுதான் உள்ள நகந்து நகந்து போகுது. சரியா?"

"சரி."

"கரி அணு, அதான் கார்பன், கொஞ்சம் அதுக்குள்ள இருக்கு. அதுக்கு நெருக்கமான வரிசையில உக்கார வசதியில்ல. பிசகு இருக்கற இடத்துல கொஞ்சம் இடம் தாராளம். அதனால போய் அங்கேயே ஒட்டிக்கும். நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பறேன்னு வாசல்ல செருப்பு மாட்டினதும் ஆளாளுக்குக் கையப் பிடிச்சுப்போம்ல? 'இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம்'னு?"

"நீ பிடிச்சா உடம்பே கழண்டுரும்."

"அந்தப் பிடியிலேர்ந்து பிச்சுக்கிட்டு கிளம்ப முதல்ல ஒரு வேகம் வேணும். அதுதான் மேல் இளகுபுள்ளி. பிச்சுக்கிட்டு தெருவுக்கு வந்தாச்சுன்னா அப்பறம் லேசா நடக்கலாம், அவ்வளவு பலம் வேண்டாம். எந்திரத்துல முள் சட்டுனு கீழ எறங்கும். அதுதான் கீழ் இளகுபுள்ளி. ஆனா எல்லாப் பிசகும் ஒரே நேரத்துல கிளம்பாது. ஒரு மூலையில கிளம்பும், அது பட்டை பட்டையா பரவும். லேசா மட்டும் இழுபட்ட இடத்துல அந்தப் பட்டை பாதியிலயே நின்னுபோகும். அந்த விளிம்புதான் நீங்க பாக்கற புழு."

"அதான் மூலையில இல்ல!" மாப்பிள்ளை சோற்றுக் கையை உயர்த்தினார். "மூலையில நல்லா இழுபடுது, பட்டை முழுசும் பரவி முடிஞ்சிருது. நடுவுல கொஞ்சமாத்தான் இழுபடுது."

"கைய எறக்குங்க, ரசம் சொட்டுது," என்றாள் மகள். "சரி, அந்தப் பிடிய முன்கூட்டியே விடுவிக்க வழியில்லையா?"

"இருக்கு. எஃகு ஆலைக்காரன் அதைச் செஞ்சுதான் அனுப்பறான். தகட்டை உருளைக்கு நடுவுல லேசா ஒரு நசுக்கு நசுக்கி அனுப்புவான். புதுசா நிறைய பிசகு உண்டாகும், எதையும் யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க. முள் எறங்காது. அதனாலதான் என் வரைபடம் வழவழன்னு வந்தது."

"அப்ப எப்படிம்மா திரும்பி வந்தது?"

லேப் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். கரி அணுவுக்குக் காலம் கொடுத்தால் மெல்ல மெல்ல நகர்ந்து மறுபடி பிசகிடம் போய்ச் சேர்ந்துவிடும். தகட்டுக்கு மூப்பு வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் சாதாரணக் கிடங்கில் அதற்கு மாதக்கணக்காகும். ஆறு வாரம் போதாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை சோதனைக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு கதவு. புழு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"எந்த அச்சு?"

"அதே அச்சு. அதே எண்ணெய். அதே நான்."

"தகடு?"

"அதே கட்டு, அதே எண். வந்த அன்னைக்கு மூணு தகட்டை எடுத்து என் கருவிப் பெட்டிமேல மூடியா போட்டிருந்தேன். கூரையில புறா தொல்லை, அதுக்காக. இன்னைக்குக் காலையில அந்த மூணையும் துடைச்சு அச்சுல அடிச்சுப் பாத்தேன். மூணும் சுத்தம்."

லேப் அம்மா கதவை உள்ளங்கையால் தடவினாள். "மத்த தகடெல்லாம் எங்க இருந்தது?"

இருவரும் ஒன்றாக ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்கள். அங்கே சுவரில் பித்தளைப் பலகை வெயிலில் மின்னியது: 'ஒருங்கிணைந்த உலோக நலப் பராமரிப்பு மையம்'.

இந்த மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு மாதம் முன்பு பொது மேலாளர் அதைத் திறந்துவைத்தார். ஆலையில் அவரைப் பெரிய சார் என்பார்கள். நல்ல மனிதர். தொழிலாளி வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தானே கார் ஓட்டிப் போவார். ஆனால் ரிப்பனைக் கண்டால் கத்திரிக்கோல் தேடுவார், மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமுவார். பெயின்ட் உலையிலிருந்து வெளியே வீணாகப் போகிற சூட்டைக் குழாய் வைத்துப் பக்கத்து அறைக்குள் திருப்பிவிட்டார். அறை எப்போதும் கதகதவென்று, சொட்டு ஈரமில்லாமல் இருக்கும். அங்கே அடுக்கிய தகட்டில் துரு ஏறாது. எரிசக்திச் சிக்கனத்துக்காக ஏதோ ஒரு சங்கம் அவருக்குக் கேடயம்கூட தந்தது. கேடயம் அவர் மேசைமேல் வந்தவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். லேப் அம்மாவும் தட்டினாள். கொஞ்சம் ஓங்கியே தட்டினாள், ஏனென்றால் துரு அவளுக்கும் எதிரி.

அவள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் அந்த அறைக்குள் வைத்தாள். ஐம்பத்தைந்து டிகிரி.

திரும்பி வந்து, அந்தச் சூட்டில் கரி அணு எத்தனை மடங்கு வேகமாக நகரும் என்று கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். மூன்றாவது தடவை மகளுக்கு ஃபோன் போட்டு, மடக்கையை மட்டும் சரிபார்க்கச் சொன்னாள்.

"பதினொண்ணு, பன்னெண்டு மடங்கு வேகம் வருதும்மா," என்றாள் மகள், வகுப்பறைக் கூச்சலுக்கு நடுவே. "ஆறு வாரம் உள்ள இருந்தா வெளியில ஒண்ணேகால் வருஷத்துக்கு மேல."

சூட்டில் கரி அணுவுக்குக் கால் முளைத்துவிடும். பெரிய சார் துருவிடமிருந்து காப்பாற்றிய தகட்டை, ஆறே வாரத்தில் கிழமாக்கிவிட்டிருந்தார்.

"சொல்லிரலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"சொன்னா யாரு நம்புவாங்க? மாப்பிள்ளையக் காப்பாத்த மாமியா கதை கட்டுதும்பாங்க. அந்தப் பச்சைப் புள்ளி என் நெத்தியில வந்து சுத்தும்."

"அப்ப?"

"நான் தொடவே கூடாது. பெரிய சாரே இழுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கூட்டம் சோதனைக்கூடத்திலேயே நடந்தது. கதவு பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி லேப் அம்மா அங்கே இழுத்துவிட்டாள். பெரிய சார் வந்தார், பின்னால் ஆலோசகர், அதற்குப் பின்னால் மாப்பிள்ளை. தீர்ப்புக்குக் காத்திருப்பவன்போல கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

ஆலோசகர் அரைமணி நேரம் விளக்கினார். அச்சு, உராய்வு, மனிதக் காரணி. மனிதக் காரணி என்ற இடத்தில் பச்சைப் புள்ளி மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானில் போய் நின்றது.

"தகடு குற்றமற்றது. மேடமே சான்றளித்திருக்கிறார்," என்று முடித்தார்.

"நான் குடுத்தது அன்னைக்கான சான்றிதழ் சார்," என்றாள் லேப் அம்மா. "இன்னைக்கு எப்படி இருக்குன்னு இழுத்தாத்தான் தெரியும். ஆனா நான் இழுக்கறது சரியில்ல. இவர் என் மாப்பிள்ளை."

அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பெரிய சாரே இழுத்துப் பாக்கட்டும். இந்த மாதிரி வேலைக்கு நிதானமான கை வேணும்."

பெரிய சார் கோட்டைக் கழற்றினார். நிதானமான கை தனக்கு இருப்பதாக அவருக்கு வெகுநாளாகவே ஒரு எண்ணம் உண்டு. தன் மையத்துக்குப் போய்த் தானே ஒரு தகட்டைத் தேர்ந்தெடுத்து வெட்டச் செய்தார். இருபது மில்லிமீட்டர் அகலப் பட்டை. இரண்டு முனையையும் எந்திரத்தின் தாடைகள் கவ்விக்கொண்டன. அவர் கைப்பிடியைத் திருப்ப, கிலோக் கணக்கில் முள் ஏறியது. நூறு. இருநூறு. முந்நூறு. முந்நூற்றி நாற்பது.

சட்டென்று முள் கீழே விழுந்தது. முந்நூற்றைந்து.

"அய்யோ, உடைச்சுட்டனா?" பெரிய சார் கையை எடுத்தார்.

"இல்ல சார். நீங்க பாட்டுக்கு திருப்புங்க."

திருப்பினார். பட்டை நீண்டுகொண்டே போனது. முள் மட்டும் முந்நூற்றைந்தின் பக்கத்திலேயே, லேசாக நடுங்கியபடி நின்றது. லேப் அம்மா விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். பட்டையின் மேல் முனையிலிருந்து மங்கலான ஒரு கோடு சாய்வாகக் கீழே ஊர்ந்து வந்தது. பெரிய சார் குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார்.

"இது... கதவுல இருக்கற அதே..."

"அதேதான் சார்."

கோடு கீழ் முனையை எட்டியது. அதன்பிறகு முள் மறுபடி ஒழுங்காக ஏறத் தொடங்கியது. முந்நூற்றி முப்பத்தைந்தில் நிறுத்தச் சொல்லி, சுமையை முழுதும் இறக்கச் சொன்னாள். "இப்ப உடனே மறுபடி இழுங்க."

இழுத்தார். இந்த முறை முள் முந்நூற்றி முப்பத்தைந்து வரை போய், எந்தக் குதிப்பும் இல்லாமல் வளைந்து மேலே போனது. கோடுமில்லை, நடுக்கமுமில்லை.

"பிசகெல்லாம் பிடியிலேர்ந்து வெளிய வந்தாச்சு," என்றாள். "புடிக்க வேண்டியவங்களுக்கு இன்னும் நேரம் கெடைக்கல. எறக்கிடுங்க சார். இதே பட்டையை இப்ப ஒரு மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போடப்போறேன். வெளியில வைக்கிற தகட்டுக்கு ரெண்டு, ரெண்டரை வாரத்துக்குச் சமம். நேரா இழுத்த பட்டைக்கு அது போதும், உருளையில நசுக்கின தகடுதான் மாசக்கணக்கா தாங்கும்."

"ஒரு மணி நேரமா?" ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுவரைக்கும் என்ன பண்றது?"

லேப் அம்மா பட்டையைக் கொதிநீரில் இறக்கிவிட்டுப் பெரிய சாரின் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படியொரு பணிவு. "சார், அந்தக் கேடயம் வாங்கின கதையை இவர் கேட்டதே இல்லையாம்."

மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கதை ஒரு மணி பதினைந்து நிமிடம் போனது. கேடயம் தந்த சங்கத்தின் தலைவர் எப்படிக் கை குலுக்கினார், எத்தனை விரலால் குலுக்கினார் என்பதும் அதில் உண்டு. ஆலோசகருக்கு நடுவில் இரண்டு முறை தலை தொங்கியது. பெரிய சார் சங்கத்தின் நன்றியுரைக்கு வந்தபோது லேப் அம்மா பட்டையை எடுத்துத் துடைத்து, ஆறவைத்து, மறுபடி எந்திரத்தில் மாட்டினாள்.

"இப்ப இழுங்க சார்."

முள் ஏறியது. முந்நூற்றி முப்பத்தைந்தைத் தாண்டியது, நிற்கவில்லை. முந்நூற்றி அறுபது. முந்நூற்றி எழுபத்திரண்டு. பிறகு சட்டென்று முந்நூற்றி ஐம்பத்தைந்துக்கு இறங்கி நின்று நடுங்கியது. விளக்கொளியில் மறுபடி அந்தக் கோடு.

பெரிய சார் முள்ளைப் பார்த்தார், கொதிநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியே பித்தளைப் பலகையைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சூடு," என்றார்.

"ஆமா சார்."

"என் மையம்."

"ஐம்பத்தஞ்சு டிகிரி சார். நானும் அன்னைக்குக் கை தட்டினேன்."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "இதற்கு நாசூக்கான ஒரு வழி இருக்கிறது. எஃகு ஆலை தரமற்ற தகட்டை அனுப்பிவிட்டது என்று மேடம் அறிக்கை எழுதட்டும். அச்சின்மீதும் பழி இல்லை, இவர்மீதும் பழி இல்லை. தம்பியை இன்றைக்கே நிரந்தரம் ஆக்கிவிடலாம். மையத்துக்கும் ஒரு குறையும் வராது."

பெரிய சாரின் முகம் லேசாக மலர்ந்தது. லேப் அம்மாவின் கை மேசைமேல் இருந்த பேனாவை நோக்கிப் போய், நடுவழியில் நின்றது. ஒரே ஒரு வரி. மகள் இன்றைக்குச் சிரிப்பாள். எஃகு ஆலைக்காரன் யாரோ எங்கோ. மறுத்து எழுதுவான், அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

"எழுதாதீங்க," என்றார் மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவங்க நல்ல தகடுதான் அனுப்பினாங்க. என் பெட்டிமேல இருந்த மூணும் சுத்தமா வந்துதே. பொய்யா எழுதினா புதுத் தகடு வரும், அதையும் அந்த அறையிலதான் வைப்போம். ஆறு வாரத்துல அதுலயும் புழு வரும். அப்ப நிரந்தரமா இருக்கற என்னை என்ன சார் பண்ணுவீங்க?" கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "என்னை வேணா கிடங்குக்கு அனுப்புங்க சார். தகட்டை மட்டும் அங்கேர்ந்து எடுத்துருங்க."

லேப் அம்மா பேனாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடியை விட்டுவிட்டு லேசாக நகர்ந்தது போலிருந்தது. இந்த மனிதனுக்கா கல்யாணத்தன்று ஒரு மோதிரம் குறைவாகப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரிய சார் நாற்காலியிலேயே இருந்தார். அவருடைய ஆட்காட்டி விரல் மட்டும் எந்திரத்தின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தது. லேப் அம்மா அதைக் கவனித்தாள். இருபத்தெட்டு வருடம் முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தவள். மனிதர்கள் எந்தச் சுமையில் இளகுவார்கள் என்பதும் அவளுக்கு ஓரளவு தெரியும்.

"சார்," என்றாள், "இந்த ஆலையில இன்னைக்கு வரைக்கும் ஒரே பட்டையில இளகுபுள்ளி போயி, திரும்பி வந்ததை யாரும் செஞ்சு காமிச்சதில்ல. நீங்கதான் முதல் ஆள். அறிக்கையில நான் எப்படி எழுதறதுன்னா... 'பொது மேலாளர் தம் கையால் நிகழ்த்திய சோதனையில் கண்டறிந்தபடி, தகடுகளைச் சூடான அறையில் வைப்பது தவிர்க்கப்பட வேண்டும்.' சரியா வருதா சார்?"

பெரிய சார் நிமிர்ந்தார்.

"'கண்டறிந்தபடி'ன்னா போட்டிருக்கீங்க?"

"'கண்டுபிடித்தபடி'ன்னு வேணா மாத்திடறேன்."

"இல்ல இல்ல. கண்டறிந்தபடியே இருக்கட்டும். அடக்கமா இருக்கு." அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "அந்த அறையில பெயின்ட் அடிச்ச கதவுங்களை உலர வைக்கலாம் இல்லையா? அதுக்குச் சூடு நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது சார்."

"பலகையில ஒரு வார்த்தை மாத்தினா போதும்," என்றார் பெரிய சார், பாதி தனக்குத்தானே.

ஆலோசகர் சுட்டுக்கோலை எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். "வெப்பம்தான் மூலகாரணம் என்பதை நான் முதல் நாளே சந்தேகித்தேன்," என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

அப்படியும் கிழடுதட்டிப்போன தகடு மிச்சம் ஆயிரத்துக்கு மேல் கிடந்தது. அதைத் தூக்கிப் போடவா முடியும்? மாப்பிள்ளைதான் வழி சொன்னார். கோணிய தகட்டை நிமிர்த்துவதற்கென்று ஏழு உருளை கொண்ட சமன் எந்திரம் ஒன்று மூலையில் தூசி படிந்து நின்றது. தகட்டை அதற்குள் விட்டால் மேலும் கீழுமாக நெளிந்து நெளிந்து வெளியே வரும். "அந்த நெளிசல்லயே பிடி விட்டுப்போகும்ல?" என்றார். லேப் அம்மா யோசித்தாள். போகும். ஆனால் விட்ட பிடி ரொம்ப நாள் விட்டபடியே இருக்காது. "உருளையிலேர்ந்து வந்தது அன்னைக்கே அச்சுக்குப் போயிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு அடுக்கி வச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல."

"அடுக்கவே மாட்டேன். உருளைக்கும் அச்சுக்கும் நடுவுல ஒரு டீ குடிக்கிற நேரம்தான்."

திங்கட்கிழமை காலை அப்படித்தான் நடந்தது. தகடு உருளைக்குள் போய் நெளிந்து வந்தது. பிரஸ்ஸில் ஏறியது. கதவாக இறங்கியது. முதல் கதவை மாப்பிள்ளை ஜன்னலடியில் சாய்த்து, இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். இரண்டாவதை லேப் அம்மா திருப்பினாள். பத்தாவது கதவு வந்தபோது பட்டறையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டுக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் புழு இல்லை. இருபதாவது கதவில் எண்ணெய்க் கை ஒன்றின் அடையாளம் மட்டும் இருந்தது. அது யாருடையது என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள்.

மத்தியானம் பெரிய சாரின் அறையிலிருந்து உறை ஒன்று வந்தது. மாப்பிள்ளை அதைப் பிரிக்காமலே சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"நீங்க பிரிங்க."

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

"எண்ணெயா இருக்கு."

எண்ணெய் இல்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தார், நகத்தைக்கூட விடாமல். லேப் அம்மா அதைப் பார்த்துக்கொண்டாள். உறையைப் பிரித்துப் படித்தாள். முதல் பத்தி முழுவதும் பெரிய சாரின் தொலைநோக்கைப் பற்றி. இரண்டாம் பத்தி பெரிய சாரின் சோதனையைப் பற்றி. மூன்றாவதில் கடைசி வரிக்கு முந்தைய வரியில், போனால் போகிறதென்று வைத்ததுபோல, 'அச்சுப்பட்டறைப் பொறுப்பு இன்று முதல் நிரந்தரம்' என்று இருந்தது.

அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

மாப்பிள்ளை படித்தார். மறுபடி படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அவகிட்ட சொல்லுங்க," என்றாள் லேப் அம்மா. "இப்ப அவளுக்கு இடைவேளை."

"நீங்களே சொல்லுங்க அத்தை."

"நான் சொன்னா அழுதுடுவேன். நீங்க சொல்லுங்க."

அவர் எண்ணை அழுத்தி, காதில் வைத்து, "ஆயிடுச்சு," என்றார். ஃபோனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். கடைசியில் ஃபோனை நீட்டினார்.

"அங்க அவ அழறா. எனக்குப் பேச்சு வரல. நீங்கதான் மிச்சம்."

லேப் அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டு, அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று, "என்னடி இப்ப, அழறதுக்கு என்ன இருக்கு," என்று அதட்ட ஆரம்பித்தாள். வாக்கியம் பாதி வரைதான் போனது.